டியூட் தாளைப் பிரித்து எழுதுவோம்



தெகியோவிட்ட பக்கத் தோட்டமொன்றில் பதினோராம் ஆண்டு படிக்கும் மகள் ஒருத்தி தன் வரலாற்று டியூட்டை எங்களிடம் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம், நெருக்கமாக டைப் அடித்தது. "நாலு தரம் வாசிச்சிட்டேன் சேர். மூடி வச்சா ஒண்ணுமே ஞாபகம் வருதில்ல" என்றாள். அதை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்டர் போக் என்ற ஆசிரியர் தம் மாணவருக்காக அமைத்த முறை இது.

ஏ4 தாள் ஒன்றை எடுங்கள். அடியில் 5 சென்ரிமீற்றர் விட்டு, குறுக்கே ஒரு கோடு. அதற்கு மேலே, இடது ஓரத்திலிருந்து 6 சென்ரிமீற்றரில் நெடுக்கே ஒரு கோடு. வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் கேள்வி, அடியில் சுருக்கம்.

முதலில் வலப்பக்கத்தை எழுத வேண்டும். டியூட்டை அப்படியே பார்த்து எழுதினால் கைவலிதான் மிச்சம். ஒரு பந்தியை வாசித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதி, பிறகு சரிபார்க்க வேண்டும். பாடம் எங்கள் மக்களின் பிரஜாவுரிமை. மகள் இப்படி எழுதினாள்: "1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியா 525,000 பேர், இலங்கை 300,000 பேர். 1974 சிறிமா–இந்திரா ஒப்பந்தம். ஆளுக்கு 75,000 பேர்."

அடுத்து இடப்பக்கம். "1964 ஒப்பந்தம்" என்று எழுதினாள். அது தலைப்பு, கேள்வியல்ல. வலப்பக்கத்தை மூடிக்கொண்டு அதைப் பார்த்தால் என்ன பதில் சொல்வது? "1964இல் எந்த நாடு எத்தனை பேரை ஏற்றது?" என்று மாற்றினாள். 1974க்கு வந்ததும், "பத்து வருசம் கழிச்சு ஏன் இன்னொரு ஒப்பந்தம்?" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். டியூட்டில் பதிலே இல்லை! நாலு தரம் வாசித்தும் கண்ணில் படாத ஓட்டை, கேள்வி எழுதும்போது தெரிந்தது.

கணக்குப் போட்டோம். 1964இல் பேசப்பட்டவர்கள் மொத்தம் 975,000 பேர். அன்று முடிவானது 825,000 பேருக்குத்தான். மிச்சம் 150,000 பேரின் விடயம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதைத்தான் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். "எங்க அம்மாயி எந்தக் கணக்கில சேர்?" என்று கேட்டாள். வீட்டில் கேட்டு வரச் சொன்னோம்.

சுருக்கத்தை டியூட்டின் கடைசிப் பந்தியிலிருந்து எடுக்கக் கூடாது. எதையும் பார்க்காமல் இரண்டு வசனம் போதும். அவள் எழுதியது: "1964இல் 150,000 பேரை முடிவில்லாமல் விட்டார்கள். 1974இல் இரண்டு நாடும் அவர்களைச் சரிபாதியாக ஏற்றன." இரண்டு வசனம் வராவிட்டால் பாடம் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்; வலப்பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

மறுநாளும், ஒரு கிழமை கழித்தும், வலப்பக்கத்தைக் கொப்பியால் மூடி, கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேள்வியை வாசித்தால் போதும், பிள்ளை தடுமாறுவது காதிலேயே தெரியும். தடுமாறிய கேள்விக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த முறை புள்ளி போட்டதை மட்டும் கேளுங்கள்.

இரண்டு பக்க டியூட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும். ஆகவே எல்லா டியூட்டையும் எழுத வேண்டாம், மூடினால் மறந்துபோவதை மட்டும் எழுதுங்கள். கணிதத்துக்கு இது சரிவராது. அங்கே கணக்கைச் செய்துதான் பார்க்க வேண்டும்.