கண்ணால் கேட்கவும் காதால் காணவும் ஒரு காணொளி



சென்ற ஆண்டு பெற்றோர் தினத்தன்று, நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தாமே எடுத்த 'பால்மரம் வெட்டும் முறை' என்னும் மூன்று நிமிடக் காணொளி பள்ளி மண்டபத்தில் திரையிடப்பட்டது. யாவரும் கைதட்டினர். ஆயினும், முன்வரிசையில் இருந்த இருவருக்கு அது பயன்படவில்லை. ஒருவர், முப்பது ஆண்டுகள் பால் வெட்டி, முதுமையில் பார்வையை இழந்த பெரியவர். மற்றவர், காணொளியில் பேசிய மாணவியின் தாயார். அவருக்குக் காது கேளாது.

"ஐயா, 'இப்படி வெட்டணும், இப்படி வெட்டணும்'னு பிள்ளை சொல்லுது. எப்படின்னு சொல்லலையே!" என்றார் பெரியவர். குறை பிள்ளைகளுடையதன்று, வழிகாட்டிய என்னுடையது. அதனைத் திருத்திய முறையை இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. எழுத்தும் பின்னணியும்

திரையின் அடியில் வெள்ளை எழுத்துகளை இட்டிருந்தோம். கரிய மரப்பட்டையின் மேல் அவை நன்கு தெரிந்தன. மங்கில் பால் நிறையும் காட்சி வந்ததும் வெள்ளைப் பாலில் வெள்ளை எழுத்து மறைந்துவிட்டது. காட்சி மாறிக்கொண்டே இருப்பதால், எந்த ஒரு நிறமும் எல்லா இடத்திலும் தெளிவாக இராது. ஆகவே, எழுத்தின் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை அமைத்தோம்.

எழுத்தின் ஒளிக்கும் பின்னணியின் ஒளிக்கும் உள்ள விகிதம் குறைந்தது 4.5க்கு 1 ஆக இருத்தல் வேண்டும் என்பது இணைய உள்ளடக்கத்திற்கான அனைத்துலக நெறி. கறுப்பின் மேல் வெள்ளை 21க்கு 1. வெள்ளையின் மேல் வெள்ளை 1க்கு 1. இடைப்பட்ட நிறங்களையே ஐயுற்றுச் சோதிக்க வேண்டும்.

2. படிக்கத்தக்க வரிகள்

தமிழில் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். ஆதலால், மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து 'க', 'க்' இரண்டும் வேறுபட்டுத் தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினோம். ஒரு வேளையில் இரண்டு வரிகளுக்கு மேல் இடவில்லை. பொருள் நிற்கும் இடத்தில் வரியை முறித்தோம். ஒரு மாணவர் நிதானமாக வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை வரிகள் திரையில் நின்றன. பேச்சை மட்டுமன்றி, தேவையான ஓசைகளையும் எழுதினோம். கோப்பில் ஒரு பகுதி இது:

```
7
00:00:41,000 --> 00:00:46,000
வெட்டுக்கோடு இடமிருந்து வலமாகக்
கீழ்நோக்கிச் சரிய வேண்டும்.

8
00:00:47,000 --> 00:00:50,000
(கத்தி பட்டையைச் சீவும் ஓசை)
```

முதலில் வரிசை எண், பின்னர் வரி தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன்பின் வரிகள். இக்கோப்பை UTF-8 முறையில் சேமிக்க வேண்டும். இன்றேல் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். முதல் முறை எங்களுக்கு அவ்வாறே நேர்ந்தது.

3. காட்சியைச் சொல்லால் காட்டுதல்

'இதோ', 'இப்படி', 'இங்கே' என்னும் சொற்கள் கண்ணுள்ளவருக்கே பொருள் தருவன. "இப்படிச் சீவ வேண்டும்" என்றிருந்ததை, "பழைய வெட்டின் கீழ் ஓரத்தில் பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும்" என்று மாற்றினோம். பேச்சையே இவ்வாறு திருத்திவிட்டால் தனி வருணனை பெரும்பாலும் தேவைப்படாது.

பேச்சில்லாத காட்சிக்கு மட்டும் வருணனை சேர்த்தோம். "மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டுகிறது, மங்கு பாதி நிறைந்துவிட்டது" என்று ஒரு மாணவர் சொன்னார். வெட்டுபவரின் சட்டை நிறத்தைச் சொல்லவில்லை. பாடத்திற்கு அது வேண்டுவதன்று. ஒருவர் பேசும்பொழுது அதன்மேல் வருணனையைப் பேசுதல் கூடாது. இரண்டும் விளங்காமற் போகும். இடைவெளி இல்லாத ஓரிடத்தில் படத்தை நான்கு வினாடி அசையாமல் நிறுத்தி, அவ்விடைவெளியில் சொன்னோம்.

4. சோதனை

முதலில், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அடுத்து, திரைக்கு முதுகு காட்டி அமர்ந்து கேட்டோம். பின்னர், சன்னல்களைத் திறந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கடைசி வரிசையிலிருந்து படித்தோம். இரண்டாவது சோதனையில் மேலும் இரண்டு 'இதோ'க்கள் அகப்பட்டன.

திருத்திய காணொளியை மீண்டும் திரையிட்டோம். தாயார் தம் மகள் பேசியவற்றை வரிவரியாகப் படித்து, இறுதியில் மகளின் கையைப் பற்றிக்கொண்டார். பெரியவர் கடைசிவரை அசையாமல் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி ஐயா. கத்தி ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், அந்த இடத்துல பட்டை நல்லா வளராது. அதைச் சொல்லலையே!" என்றார்.

அவர் கூறியது உண்மை. அவ்வரியை அவர் குரலிலேயே பதிந்து, எழுத்திலும் சேர்த்துவிட்டோம்.

பயிற்சி: உங்கள் வீட்டுக் கைப்பேசியில் உள்ள ஒரு நிமிடக் காணொளியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். விளங்காத இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வாருங்கள்.