ஆறாம் இடத்தில் நின்றுபோன விளையாட்டு
மரபணு நெறிமுறையில் குறுக்கேற்றமும் சடுதிமாற்றமும்

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மரபணு நெறிமுறையை விளக்கக் கணினி இல்லாமல் சீட்டுகளைக் கொண்டே ஒரு விளையாட்டு நடத்தினேன். 1 0 1 1 0 0 1 1 1 0 என்ற பத்து இலக்கங்களை ஒரு தாளில் எழுதி மறைத்து வைத்துக்கொண்டேன். வகுப்பில் எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் நாணயத்தைப் பத்து முறை சுண்டி, தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று ஒரு சீட்டில் எழுதியது. எத்தனை இடங்கள் என் தாளோடு பொருந்துகின்றன என்பதை மட்டும் சொல்வேன். எந்த இடங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த எண்ணிக்கைதான் சீட்டின் தகுதி மதிப்பெண். அதிக மதிப்பெண் பெற்ற நான்கு சீட்டுகள் இரண்டு இணைகளாகப் பெற்றோர் ஆகும். ஒவ்வோர் இணையையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வெட்டி மாற்றி ஒட்டினால் நான்கு பிள்ளைகள் வீதம் மீண்டும் எட்டுச் சீட்டுகள் கிடைக்கும். அதுவே அடுத்த தலைமுறை.

முதல் தலைமுறையில் முன்னணியில் இருந்த இரண்டு சீட்டுகள் இவை:

```
A : 10110 11000   (7)
B : 01100 11110   (6)
```

ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் வெட்டி, வலப் பாதிகளை இடம் மாற்றினோம்:

```
C : 10110 11110   (9)
D : 01100 11000   (4)
```

ஒரே தாவலில் 9. வகுப்பில் ஒரே கைதட்டல். பெற்றோரின் மதிப்பெண்களையும் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் தனித்தனியே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 7+6=13; 9+4=13. குறுக்கேற்றம் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இருவரிடமும் சிதறிக் கிடந்த சரியான இலக்கங்களை ஒரு பிள்ளையிடம் சேர்த்தது. மற்றப் பிள்ளை அந்த அளவுக்கு இழந்தது. இழந்த பிள்ளையைத் தேர்வு கழித்துவிடுகிறது. குறுக்கேற்றமும் தேர்வும் சேர்ந்தால்தான் முன்னேற்றம்.

அதன்பின் சிக்கல் வந்தது. சில தலைமுறைகளில் எட்டுச் சீட்டுகளும் C-யைப் போலவே ஆகிவிட்டன. எல்லாவற்றுக்கும் 9. பத்து மட்டும் வரவில்லை. “இன்னும் எத்தனை தலைமுறை வெட்டணும் சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எத்தனை வெட்டினாலும் வராது என்பதுதான் உண்மை. ஆறாம் இடத்தில் 0 வேண்டும். ஆனால் A, B இரண்டிலும் அங்கே 1. தேர்வான மற்ற இரண்டு சீட்டுகளிலும் 1. ஆறாம் இடத்தில் 0 வைத்திருந்த ஒரு சீட்டு மொத்தத்தில் 3 மதிப்பெண்தான் பெற்றதால் முதல் தலைமுறையிலேயே கழிந்துவிட்டது. அதனோடு அந்த 0-வும் போய்விட்டது. ஒரே இலக்கமுள்ள இரண்டு சீட்டுகளை எங்கே வெட்டி ஒட்டினாலும் அந்த இடத்தில் அதே இலக்கம்தான் வரும்.

இது எங்கள் வகுப்புக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அன்று. நாணயம் சுண்டி எழுதிய நான்கு சீட்டுகளை எடுத்தால், குறிப்பிட்ட ஓர் இடத்தில் நான்குமே தவறாக இருக்க 16-இல் 1 வாய்ப்பு. பத்து இடங்களில் ஓரிடமாவது அப்படி அமைய ஏறக்குறைய பாதி வாய்ப்பு. சிறிய கூட்டத்தில் இந்த இழப்பு சாதாரணமாக நடக்கும். தொலைந்த இலக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதே சடுதிமாற்றத்தின் முதன்மையான வேலை. 1975-இல் வெளிவந்த தம் நூலில் இந்த முறைக்கு அடித்தளமிட்ட ஜான் ஹாலண்டும் சடுதிமாற்றத்துக்கு ஏறக்குறைய இந்தப் பின்னணிப் பங்கையே அளித்தார்.

சரி, எவ்வளவு சடுதிமாற்றம்? இங்கே நான் ஒரு தவறு செய்தேன். நாணயம் கையில் இருந்ததால், பிள்ளைச் சீட்டின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் அதைச் சுண்டி, தலை விழுந்தால் இலக்கத்தை மாற்றச் சொன்னேன். 9-இல் நின்ற சீட்டுகள் அடுத்த தலைமுறையிலேயே 4, 6, 5 என்று சரிந்தன. வீதம் 0.5 என்றால், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு எழுதுவதும் இதுவும் ஒன்றே.

மறுநாள் 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டேன். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு துண்டை எடுக்க வேண்டும். 0 வந்தால் மட்டும் இலக்கத்தை மாற்ற வேண்டும். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். வீதம் 0.1. C போன்ற சீட்டு 10-ஐ எட்ட இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்க வேண்டும்: ஆறாம் இலக்கம் மாற வேண்டும், மற்ற ஒன்பதும் மாறாமல் இருக்க வேண்டும். வீதத்தை p என்றால் அதற்கான வாய்ப்பு:

```
p × (1 − p)^9
```

p = 0.1 எனில் இது 0.0387, சராசரியாக 26 பிள்ளைகளில் ஒன்று வெல்லும். தலைமுறைக்கு எட்டுப் பிள்ளைகள் என்பதால் மூன்று, நான்கு தலைமுறைகளில் எதிர்பார்க்கலாம். எங்களுக்கு ஐந்தாவதில் வந்தது. மற்ற வீதங்களை மாணவர்களே கணக்கிட்டார்கள். 0.01 எனில் சுமார் 110 பிள்ளைகளில் ஒன்று, 0.3 எனில் 83-இல் ஒன்று, 0.5 எனில் 1024-இல் ஒன்று. வீதம் குறைந்தால் மாற வேண்டியது மாறுவதில்லை. கூடினால் மாறக் கூடாததும் மாறிவிடுகிறது. இந்தக் கோவை p = 1/10 என்னும்போது உச்சம் பெறும். பன்னிரண்டாம் வகுப்பு வகையீடு தெரிந்தவர்கள் இதைச் சரிபார்க்கலாம். பொதுவாக, நீளம் L எனில் உச்சம் 1/L-இல். அதாவது, சராசரியாக ஒரு பிள்ளைக்கு ஓர் இலக்க மாற்றம்.

ஆகவே வீதத்தை நீளத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நூல்களில் காணும் 0.001 என்ற எண்ணை அப்படியே எடுத்து நம் பத்து இலக்கச் சீட்டில் பயன்படுத்தினால், நூறு பிள்ளைகளில் ஒன்றில்தான் ஏதாவது மாறும். ஆயிரம் இலக்கச் சீட்டுக்கு அதே எண் பொருத்தமானது.

1/L என்பது தொடக்க மதிப்பு மட்டுமே. சில கணக்குகளில் ஓரிலக்கம் மட்டும் மாறினால் மதிப்பெண் குறையும். இரண்டு இலக்கங்கள் சேர்ந்து மாறினால்தான் கூடும். அங்கே சற்று உயர்ந்த வீதம் உதவும். எதுவாயினும், ஒவ்வொரு தலைமுறையிலும் உச்ச மதிப்பெண்ணையும் சராசரியையும் கரும்பலகையில் எழுதி வாருங்கள். இரண்டும் ஒன்றாகி நகராமல் நின்று, சீட்டுகளும் ஒரேமாதிரி இருந்தால் வீதம் போதவில்லை. உச்சம் ஏறி ஏறி விழுந்தால் வீதம் அதிகம். ஒவ்வொரு தலைமுறையிலும் முதலிடச் சீட்டின் ஒரு படியை மாற்றாமல் வைத்துக்கொண்டால், கண்ட நல்ல விடை கைநழுவாது.

பைத்தானில் எழுதும்போது மாணவர்கள் ஓரிடத்தில் தவறுகிறார்கள். சரியான வடிவம்:

```python
import random

def mutate(s, p):
    return [1 - b if random.random() < p else b
            for b in s]
```

இங்கே ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாக random.random() அழைக்கப்படுகிறது. அதைச் சீட்டுக்கு ஒருமுறை மட்டும் அழைத்தால், எல்லா இலக்கங்களும் மாறும் அல்லது ஒன்றுமே மாறாது. 9 பெற்ற சீட்டு மாறினால் 1-க்கு விழும். 10 ஒருபோதும் வராது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதால், துண்டுச் சீட்டை ஒவ்வோர் இலக்கத்துக்கும் கையால் எடுத்துப் பார்த்த மாணவர்களுக்கே இத்தவறு விரைவில் பிடிபடுகிறது.