எந்த அறைக்கு எந்த மின்விசிறி?

தில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் மார்ச்சு மாத நடுவில் சுழலத் தொடங்கும் மின்விசிறி, தீபாவளிக்குப் பின்னரே ஓய்வு கொள்ளும். இன்று கடைகளில் இருவகைக் கூரை மின்விசிறிகள் கிடைக்கின்றன. ஒன்று, நாம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சாதாரண மின்விசிறி. மற்றொன்று, விலை மிகுந்த பி.எல்.டி.சி. மின்விசிறி. இரண்டனுள் எதை வாங்குவது நன்று என்பதை ஆராய்வோம்.

வேறுபாடு எங்கே உள்ளது?

இறக்கைகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு மோட்டாரில் உள்ளது. சாதாரண மின்விசிறியின் சுழலும் பகுதியில் காந்தம் இல்லை. கம்பிச்சுருளில் பாயும் மின்சாரமே அங்குக் காந்த ஆற்றலைத் தூண்ட வேண்டும். இதனால் மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. பி.எல்.டி.சி. மின்விசிறியில் நிலைக்காந்தங்கள் முன்பே பொருத்தப்பட்டுள்ளன. ஒரு மின்னணுச் சுற்று, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, சுருள்களுக்கு முறையாக அளிக்கிறது. ஆகவே, முழுவேகத்தில் முன்னது 75 வாட் அளவு மின்சாரம் கொள்ள, பின்னது 30 வாட் அளவே கொள்கிறது.

செலவுக் கணக்கு

ஒரு குடும்பத்தின் படுக்கையறையில் மின்விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் முழுவேகத்தில் சுழல்கிறது எனக் கொள்வோம்.

சாதாரண வகை: 75 × 12 = 900 வாட் மணி; அதாவது 0.90 யூனிட்.
பி.எல்.டி.சி. வகை: 30 × 12 = 360 வாட் மணி; அதாவது 0.36 யூனிட்.

நாளொன்றுக்கு 0.54 யூனிட் மிச்சமாகும். ஆண்டில் 240 நாள் ஓடினால் ஏறத்தாழ 130 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் எனில், மிச்சம் 780 ரூபாய். விலை வேறுபாடு 1,500 ரூபாய் எனின், அத்தொகை இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும்.

அதே வீட்டின் விருந்தினர் அறையில் மின்விசிறி நாளுக்கு ஒரு மணி நேரமே ஓடுகிறது. அங்கு ஆண்டு மிச்சம் 65 ரூபாய். கூடுதல் விலை திரும்ப 23 ஆண்டுகள் ஆகும்! எனவே, பயன்படுத்தும் நேரமே இக்கணக்கின் உயிர்நாடி.

ஒலியும் இன்வெர்ட்டரும்

இறக்கை காற்றை வெட்டும் ஒலி இருவகைக்கும் பொது. ஆயினும், சில இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரம் சீரான அலையாக இராது; சதுர அலையாக இருக்கும். மின்தடையின்போது அதில் ஓடும் சாதாரண மின்விசிறி ‘உர்ர்’ என இரையும். பி.எல்.டி.சி. மின்விசிறி எவ்வகை அலையையும் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றிக்கொள்வதால் அவ்விரைச்சல் பெரிதும் எழுவதில்லை.

150 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட் மணி ஆற்றல் உண்டு. இழப்புகள் போக 1,200 வாட் மணி கிடைக்கிறது எனக் கொள்வோம். சாதாரண மின்விசிறிகள் இரண்டு 8 மணி நேரம் ஓடும், பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இரண்டு 20 மணி நேரம் ஓடும். பேட்டரி பழையதாயின் இந்நேரம் குறையும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

பி.எல்.டி.சி. மின்விசிறியைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்தல் கூடாது. இணைத்தால் மின்னணுச் சுற்று பழுதாகக்கூடும். வேகத்தை ரிமோட்டால் மாற்ற வேண்டும். சாதாரண மின்விசிறி மெதுவாகச் சுழன்றால், பெரும்பாலும் அதன் கெபாசிட்டரை மாற்றினால் போதும், செலவு சிறிது. பி.எல்.டி.சி. வகையில் சுற்றுப்பலகை பழுதானால் செலவு மிகும். ஆகவே, உத்தரவாதக் காலத்தைக் கேட்டறிந்து வாங்குக.

2023 சனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகும். வாட் அளவோடு, அது வீசும் காற்றின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாட் குறைந்து காற்றும் குறைந்தால் பயனில்லை.

சொற்பொருள்
நிலைக்காந்தம் – காந்த ஆற்றல் நீங்காத காந்தம்
இரைதல் – ஓயாது ஒலித்தல்
உயிர்நாடி – முதன்மையானது

விடை எழுதுக
1. சாதாரண மின்விசிறியில் மின்சாரம் வெப்பமாக வீணாவது ஏன்?
2. சதுர அலை மின்சாரத்தில் பி.எல்.டி.சி. மின்விசிறி பெரிதும் இரையாதது ஏன்?
3. கூடத்து மின்விசிறி நாளுக்கு 5 மணி நேரம் ஓடுகிறது. கூடுதல் விலை எத்தனை ஆண்டுகளில் திரும்பும் எனக் கணக்கிடுக.
4. உங்கள் வீட்டில் எந்த அறைக்கு எவ்வகை மின்விசிறி பொருந்தும்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.