800 வெள்ளி வட்டியில் எவ்வளவு ஆதாயம்?

ஒரு முதியவர் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிங்கப்பூரிலுள்ள ஒரு வங்கியில் 20,000 வெள்ளியை ஓராண்டு நிரந்தர வைப்பில் போட்டார். வட்டி 4 விழுக்காடு. 2023 டிசம்பரில் தவணை முடிந்தபோது அவர் கணக்கில் 20,800 வெள்ளி இருந்தது. முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும்தான் செலவு செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வழக்கம். வீட்டிலிருந்த குளிர்பதனப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. 2024 ஜனவரி மாத இறுதியில், அந்த 800 வெள்ளியில் புதியது ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்து, உயர்நிலை நான்கில் படிக்கும் பேத்தியைத் துணைக்கு அழைத்தார்.

“தாத்தா, முதல் குறையக்கூடாது என்றால் 20,000 என்ற எண் குறையக்கூடாதா, அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய பொருள்கள் குறையக்கூடாதா?” என்று கேட்டாள் பேத்தி.

“இரண்டும் ஒன்றுதானே அம்மா?”

விலைவாசி மாறாமல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அந்த ஓராண்டில் விலைவாசி மாறாமல் இல்லை. 2023ஆம் ஆண்டு தொடங்கிய அன்றே பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. உணவு, போக்குவரத்து, வாடகை எனப் பலவற்றின் விலையும் ஏறியது. இந்த ஏற்றத்தைப் பயனீட்டாளர் விலைக் குறியீடு அளக்கிறது. குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் ஒரே கூடையில் வைத்து, அந்தக் கூடையின் விலை எவ்வளவு மாறியது என்று அது காட்டும். 2022 டிசம்பருக்கும் 2023 டிசம்பருக்கும் இடையே சிங்கப்பூரில் அந்த விலை 3.7 விழுக்காடு உயர்ந்தது.

பேத்தி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். எண்கள் எளிதாக இருப்பதற்காக, முதல் டிசம்பரில் ஒரு சிறிய கூடையின் விலை 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டாள். அப்போது தாத்தாவின் 20,000 வெள்ளியில் 1,000 கூடைகள் வாங்கலாம். ஓராண்டு கழித்து அதே கூடையின் விலை 20 வெள்ளி 74 காசு. 20,800 வெள்ளியை 20.74ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,002.9 கூடைகள் கிடைக்கும். பணம் 4 விழுக்காடு கூடியது, கூடைகளோ 0.29 விழுக்காடு மட்டுமே கூடின.

வங்கி அறிவிக்கும் 4 விழுக்காடு பெயரளவு வட்டி விகிதம். கூடைகளின் எண்ணிக்கை கூடிய வேகம் உண்மை வட்டி விகிதம். இவற்றை இணைக்கும் சமன்பாடு, அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷரின் பெயரால் ஃபிஷர் தொடர்பு எனப்படுகிறது.

1 + பெயரளவு விகிதம் = (1 + உண்மை விகிதம்) × (1 + பணவீக்க விகிதம்)

தாத்தாவின் கணக்கில் 1.04ஐ 1.037ஆல் வகுத்தால் 1.0029 வருகிறது. பேத்தி கூடைகளை எண்ணிக் கண்டதும் இதையேதான்.

“இதற்கு ஏன் வகுத்தல்? நாலில் மூன்று புள்ளி ஏழைக் கழித்தால் போதாதா?” என்றார் தாத்தா. கழித்தால் 0.3 வரும். விடை மிக நெருக்கமாகவே இருக்கிறது. விகிதங்கள் சிறியவையாக இருக்கும்போது கழித்தல் நல்ல குறுக்குவழிதான். ஆனால், வட்டி 50 விழுக்காடும் பணவீக்கம் 40 விழுக்காடுமாக இருக்கும் ஒரு நாட்டை நினைத்துப் பாருங்கள். கழித்தால் உண்மை வட்டி 10 விழுக்காடு என்று தோன்றும். 1.5ஐ 1.4ஆல் வகுத்தாலோ 7.1 விழுக்காடுதான். முதலின் மதிப்பை மட்டுமல்ல, ஆண்டு இறுதியில் கைக்கு வரும் வட்டியின் மதிப்பையும் விலையேற்றம் குறைத்துவிடுகிறது. கழித்தல் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனித் தாத்தாவின் கேள்விக்கு வரலாம். முதல் டிசம்பரில் 20,000 வெள்ளிக்குக் கிடைத்த 1,000 கூடைகளை இப்போது வாங்க 20,740 வெள்ளி வேண்டும். அவரிடம் இருப்பது 20,800. ஆக, முதலைத் தொடாமல் அவர் செலவு செய்யக்கூடிய தொகை 60 வெள்ளி. மீதி 740 வெள்ளி வட்டி என்ற பெயரில் வந்தாலும், முதலின் மதிப்பு சரிந்ததை ஈடுகட்டவே அது தேவைப்படுகிறது.

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அன்றைய நாளிதழைப் புரட்டி, “2023ஆம் ஆண்டின் பணவீக்கம் 4.8 விழுக்காடு என்று போட்டிருக்கிறார்களே! அப்படியென்றால் எனக்கு நட்டம் அல்லவா?” என்றார்.

கவனமாகப் படிப்பவர்களும் தடுமாறும் இடம் இது. 1.04ஐ 1.048ஆல் வகுத்தால், உண்மை வட்டி சுழியத்துக்குக் கீழே 0.76 விழுக்காடு ஆகிவிடும். ஒரே வைப்புத்தொகைக்கு ஒரு கணக்கில் ஆதாயம், மற்றொன்றில் நட்டம்! நாளிதழில் வந்த 4.8 தவறான எண் அன்று. அது 2023ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதச் சராசரி விலையை 2022ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதச் சராசரி விலையோடு ஒப்பிட்டுக் கிடைத்த எண். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நடந்த விலையேற்றத்தின் பாதிப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது. தாத்தாவின் பணம் அப்போது வைப்பில் இல்லையே! பணம் வைப்பில் இருந்த காலத்தின் விலையேற்றத்தைத்தான் எடுக்க வேண்டும். அது டிசம்பரிலிருந்து டிசம்பர் வரைக்குமான 3.7.

பணவீக்க எண்ணைப் பார்க்கும்போது இன்னொரு குழப்பமும் வருவதுண்டு. 2022 டிசம்பரில், அதற்கு முந்திய ஓராண்டின் பணவீக்கம் 6.5 விழுக்காடாக இருந்தது. அது 3.7ஆகக் குறைந்ததால் பொருள்கள் மலிவாகிவிட்டன என்று பொருளில்லை. விலை ஏறும் வேகம்தான் குறைந்தது.

அந்த 3.7ஐயும் அப்படியே தாத்தாவுக்குப் பொருத்திவிட முடியாது. பயனீட்டாளர் விலைக் குறியீட்டின் கூடையில் கார் விலையும் அடங்கும். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கும், அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்குமோ அந்தத் தொகை சேர்க்கப்படுகிறது. தாத்தாவிடம் கார் இல்லை. வீவக வீட்டுக் கடனையும் அவர் எப்போதோ அடைத்துவிட்டார். தனியார் போக்குவரத்தையும் தங்குமிடச் செலவையும் நீக்கிக் கணக்கிடப்படும் மூலாதாரப் பணவீக்கம் அவருடைய செலவுக்கு இன்னும் நெருக்கமானது. அதே ஓராண்டில் அது 3.3 விழுக்காடு. இந்த எண்ணைப் பயன்படுத்தினால் மிஞ்சுவது 140 வெள்ளி. ஆனால், தாத்தா மாதந்தோறும் மருந்துக்கும் காப்பிக் கடைச் சாப்பாட்டுக்கும்தான் அதிகம் செலவிடுகிறார். மூலாதாரப் பணவீக்கத்தின் கூடையில் அவற்றுக்குத் தரப்படும் பங்கு வேறு, தாத்தாவின் செலவில் அவற்றின் பங்கு வேறு. அவருக்கே உரிய பணவீக்கத்தை அறிய அவருடைய ஓராண்டு ரசீதுகள் வேண்டும். அவற்றை அவர் எடுத்து வைக்கவில்லை.

“சரி, 60 என்றே வைத்துக்கொள்வோம்,” என்றார் தாத்தா. குறைவான தொகையை எடுத்தது நல்ல முடிவுதான். குளிர்பதனப் பெட்டியைப் புதிதாக வாங்காமல், பழையதைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிடலாம் என்று அவர் தீர்மானித்தார். மீதி 20,740 வெள்ளியை மறுபடியும் ஓராண்டு வைப்பில் போட வேண்டும்.

பேத்தி அதற்கும் தாளில் ஃபிஷர் தொடர்பை எழுதினாள். வங்கி தரப்போகும் வட்டியை எழுத முடிந்தது. பணவீக்கத்துக்கு உரிய இடத்தில் எந்த எண்ணை எழுதுவது? இப்போது வெளியாகியிருக்கும் 3.7 கடந்த ஆண்டுக்கு உரியது. தாத்தாவுக்கு வேண்டியது வரும் ஆண்டின் எண். சென்ற முறை பணத்தைப் போட்டபோது, அன்று கையிலிருந்த 6.7ஐ நம்பிக் கணக்கிட்டிருந்தால், 2.5 விழுக்காட்டுக்கும் மேல் நட்டம் வரும் என்று தோன்றியிருக்கும். நடந்ததோ வேறு.

அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அடுத்த ஜனவரிக்காகத் தாளை மடித்துத் தாத்தாவின் வங்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள் பேத்தி.