“தேதிய மட்டும் மார்ச்சுன்னு போட்டுரு தம்பி”

இடைசெவல் என்றால் பலருக்குக் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும்தான் நினைவுக்கு வருவார்கள். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே நாற்கரச் சாலையை ஒட்டிக் கடை வைத்திருப்பவருக்கோ ஏப்ரல் மாதத்தில் நினைவுக்கு வருவது வேறு. மார்ச் கணக்கு முடிந்ததும் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர்தான் அது. அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: பொருள் இந்த மாதம் வாங்கியது, பில் மட்டும் போன மாதத் தேதியில் வேண்டும். கேட்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை, ஊர்க்காரர், பத்து வருஷப் பழக்கம். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கோரிக்கையைச் சுற்றி இரண்டு பக்கமும் சில தப்பான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டே பேசுவோம். பருப்பு உடைக்கும் மில் வைத்திருக்கும் ஒருவர் மின்மோட்டார் வாங்குகிறார். விலை 1,00,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,18,000. மோட்டார் கடையை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் 6, பணம் வங்கி வழியாக வந்தது ஏப்ரல் 7. ஏப்ரல் 15 அன்று வந்து, “மார்ச் 28-ன்னு போட்டுரு தம்பி” என்கிறார்.

நம்பிக்கை: தேதி மாறினால் வாங்குபவருக்கு லாபம்

கேட்பவரும் மறுப்பவரும் இதை நம்புகிறார்கள். அதனால்தான் மறுக்கும்போது கடைக்காரருக்கு ஒரு குற்ற உணர்ச்சி வருகிறது. உண்மையில் லாபம் எவ்வளவு?

முதலில் வரி வரவு. மோட்டாருக்குக் கட்டிய 18,000 ரூபாயை மில்காரர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் கைக்கு வந்த பிறகுதான் கழிக்க முடியும் என்பது சட்டம். மார்ச் தேதி போட்டாலும், மோட்டார் வந்தது ஏப்ரலில். போதாக்குறைக்கு, மார்ச் மாத விற்பனையைக் கடைக்காரர் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏப்ரல் 11-க்குள் காட்டியாக வேண்டும். அதிலிருந்து மில்காரருக்கான 2பி பட்டியல் ஏப்ரல் 14 அன்று தானாக உருவாகிவிடும். ஏப்ரல் 15-ல் எந்தத் தேதி போட்டுப் பில் எழுதினாலும் அது அடுத்த பட்டியலில்தான் வரும். அந்தப் பட்டியல் பில்லின் தேதியைப் பார்ப்பதில்லை, விற்றவர் எந்தக் கணக்கில் காட்டினார் என்பதைத்தான் பார்க்கிறது.

அடுத்து தேய்மானம், வருமான வரிக்காக. பொதுவாக இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். ஆனால் அந்த ஆண்டில் இயந்திரம் உண்மையிலேயே ஓடியிருக்க வேண்டும். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். மார்ச் 28 என்று எழுதி, ஓடியதாகவும் பொய் சொன்னால் போன ஆண்டுக்குக் கிடைப்பது 7,500 ரூபாய் செலவு. மில்காரர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால்கூட மிச்சமாகும் வரி 2,250 ரூபாய்ச் சொச்சம்தான். அதுவும் முழு லாபம் இல்லை, முன்கூட்டிக் கிடைப்பது மட்டுமே. உள்ளபடியே ஏப்ரல் தேதியில் வைத்தால் இந்த ஆண்டு முழு 15,000 ரூபாயும் தேய்மானமாகக் கழியும். இதைத் தாளில் எழுதிக் காட்டினால் பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆடிட்டர் “மார்ச்சுக்குள்ள ஏதாச்சும் பில் இருக்கா?” என்று கேட்டிருப்பார். இவர் அதை “மார்ச் பில் வாங்கிட்டு வா” என்று புரிந்துகொண்டு வந்திருப்பார்.

நம்பிக்கை: பில் புக்கில் ஒரு நம்பரை விட்டுவைத்தால் யாருக்குத் தெரியும்?

மார்ச் கடைசியில் இரண்டு மூன்று பில்லைக் காலியாக விட்டுவைக்கும் பழக்கம் பழைய விற்பனை வரிக் காலத்தது. இப்போது பில் எண் தொடர்ச்சியாக ஓட வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. ஜி.எஸ்.டி.ஆர்-1-ன் 13-ஆம் அட்டவணையில், இந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், எத்தனை ரத்து என்று கேட்கிறார்கள். காலியாக விட்ட எண்ணை ரத்து என்று காட்டிவிட்டால், பிறகு அதே எண்ணில் பில் எழுத முடியாது. காட்டாமல் விட்டால் வரிசையில் ஓட்டை நிற்கும்.

பில்லை விடுங்கள், மோட்டார் எப்படிப் போயிற்று? தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். வரியும் சேர்த்துத்தான் மதிப்பு. 1,18,000 ரூபாய் மோட்டார் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஏப்ரல் 6 அன்று எடுத்த இ-வே பில்லில் பில் எண்ணும் பில் தேதியும் வண்டி எண்ணும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். வங்கிக் கணக்கில் ஏப்ரல் 7. இவற்றுக்கு நடுவே மார்ச் 28 என்ற ஒரு தாள் மட்டும் தனியாக நிற்கும்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பில் மார்ச்சிலும் சரக்கு ஏப்ரலிலும் இருப்பதே தப்பு என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பொருள் கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில் போடலாம். மார்ச் 28 அன்று உண்மையிலேயே பில் போட்டு, லாரி கிடைக்காமல் ஏப்ரலில் அனுப்பினால் குற்றம் இல்லை. போடாத நாளில் போட்டதாக எழுதுவதுதான் பொய்ப் பில். பொய்யான பில்லுக்கு 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது அபராதம். மத்தியச் சட்டத்திலும் மாநிலச் சட்டத்திலும் தனித்தனியாக விதிக்க இடமிருக்கிறது.

நம்பிக்கை: வேலை மார்ச்சில் முடிந்தது, எனவே பில்லும் மார்ச்சில்தான் இருக்க வேண்டும்

இங்கே வாடிக்கையாளர் பக்கம் பாதி நியாயம் உண்டு. மோட்டார் வாங்கவில்லை, பழைய மோட்டாருக்குக் காயில் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். வேலை மார்ச் 25-ல் முடிந்தது. பட்டறைக்காரர் பில்லை மறந்துவிட்டார். பொருளுக்குப் போல இல்லாமல் சேவைக்குப் பில் போட 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஏப்ரல் 15-ல் அன்றைய தேதியிலேயே பில் போட்டு, “வேலை முடித்துக் கொடுத்த நாள்: மார்ச் 25” என்று உள்ளே ஒரு வரி சேர்த்தால் போதும். கொடுக்க வேண்டிய பாக்கியையும் சேர்த்துக் கணக்கு எழுதுகிற மில் என்றால், அந்த வரியை வைத்து மார்ச் செலவாக எழுதிக்கொள்ளலாம். வரி வரவை ஏப்ரலில் எடுக்கலாம். அதற்கு நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரமும் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, தேதியை யாரும் தொடவில்லை.

கரிசல் காட்டுக் கடன் வியாபாரம் இதைவிடச் சிக்கல். ஐப்பசியில் விதைப்புக்கு முன் சாமானை எடுத்துக்கொண்டு போவார்கள். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்ததும் பணம் வரும், பில்லும் அப்போதுதான். அங்கே தப்பு வாங்கியவர் பக்கம் இல்லை, பில் இல்லாமல் பொருளை வெளியே விட்ட கடையின் பக்கம். பணம் பிறகு வரட்டும், பில் அன்றைக்கே போட வேண்டியது. விட்டுப்போயிருந்தால் இன்றைய தேதியில் பில் போட்டு, பொருள் கொடுத்த நாளைக் குறித்து, தாமதமான வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் கடையே கட்டுவதுதான் வழி.

நம்பிக்கை: வரி விகிதம் மாறும் நாளில் பில் தேதி மட்டுமே தீர்மானிக்கும்

தீப்பெட்டிக்காரர்கள் இதை நேரில் பார்த்தவர்கள். 2020 மார்ச் 14 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், கையால் செய்த தீப்பெட்டிக்கு 5, மற்றவற்றுக்கு 18 என்றிருந்ததை ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 சதவீதமாக்கியது. கையால் செய்கிறவரிடம் வாங்குபவருக்கு மார்ச் தேதி இனிக்கும், இயந்திரத் தீப்பெட்டி வாங்குபவருக்கு ஏப்ரல் தேதி இனிக்கும். நடுவில் மார்ச் 25-ல் ஊரடங்கு வேறு.

சட்டம் பார்ப்பது மூன்று நாட்களை: பொருள் கொடுத்த நாள், பில் தேதி, பணம் வந்த நாள். மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம். பண்டல்கள் ஏப்ரலில் போய், பணமும் ஏப்ரலில் வந்தால், பில்லில் மார்ச் என்று எழுதினாலும் 12 சதவீதம்தான். பணம் மார்ச்சிலேயே வந்து பண்டல் ஏப்ரலில் போகும்போதோ, பண்டல் மார்ச்சில் போய்ப் பணம் ஏப்ரலில் வரும்போதோதான் பில் தேதி தீர்ப்புச் சொல்கிறது. கையால் செய்த ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 7,000 ரூபாய் வித்தியாசம். அங்கே தேதியை மாற்றுவது கணக்கு வசதி இல்லை, நேரான வரி ஏய்ப்பு. 2025 செப்டம்பர் 22-ல் பல வேளாண் கருவிகளுக்கு 12 சதவீதம் 5 ஆனபோதும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு.

நம்பிக்கை: “கம்ப்யூட்டர் ஏத்துக்காது”ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்

இது மறுப்பவர்களின் நம்பிக்கை. கணக்கு மென்பொருள் நீங்கள் கொடுக்கும் எந்தத் தேதியையும் வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளரின் மகளோ மகனோ அதே மென்பொருளில் வேலை பார்க்கிறவராக இருப்பார். “எங்க கடையில விழுதே” என்று வந்து நின்றால் மரியாதை போய்விடும். (ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனங்களில் அரசுத் தளமே தன் பதிவுத் தேதியைப் பொறித்துவிடும். நம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது.) உள்ளதைச் சொல்வதே சுலபம்:

“அண்ணாச்சி, மோட்டார் ஆறாந்தேதி போயிருக்கு, இ-வே பில்லும் அன்னைக்கு எடுத்தது. மார்ச்சுன்னு போட்டா பொய்ப் பில்லாயிரும், நாளைக்கு உங்களையும் சேத்துல்லா கேப்பாங்க. அதனால என்னால முடியாது. ஆனா உங்க ஆடிட்டர் எதுக்குக் கேட்டாருன்னு சொல்லுங்க, நானே அவர்ட்ட போன்ல பேசுதேன். வேற ரூட்டு இருக்கும்.”

இதில் ‘முடியாது’ என்ற சொல் வருகிறது என்பதைக் கவனியுங்கள். “பாப்போம்”, “ஆடிட்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்று இழுத்தால், அவர் பில் கிடைத்துவிடும் என்றே வீட்டுக்குப் போவார். பிறகு வரும் மறுப்பு வாக்குத் தவறியதாகத் தெரியும். அபராதப் பிரிவுகளை முதலில் அடுக்கவும் வேண்டாம், அது மிரட்டலாகக் கேட்கும். எதற்காக வேண்டும் என்று கேட்டால்தான் அவருக்கு வேண்டியது பில் தேதியா, வேலை முடிந்த நாளைக் காட்டும் ஒரு வரியா என்று தெரியவரும். வங்கிக் கடனுக்கு என்றால் இன்றைய தேதி போட்ட விலைப்புள்ளியும், பணம் பெற்ற ரசீதும் போதுமா என்று வங்கியிலேயே கேட்கச் சொல்லலாம்.

உண்மையிலேயே கை தவறித் தேதி பிசகியிருந்தால் அது வேறு கதை. ஏப்ரல் 6 என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஏப்ரல் 16 விழுந்திருந்தால், இ-வே பில்லையும் பில் எண்ணின் வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் 6-ஆம் தேதியில் இருந்தால் அது எழுத்துப் பிழைதான். படிவத்தைத் தாக்கல் செய்துவிட்ட பிறகும் அதைச் சரிசெய்யப் பின்வரும் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் திருத்த அட்டவணை இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் திருத்திய பிரதியை அனுப்பி, பழையதைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.