இரும்பு மாத்திரையோடு ஆரஞ்சுச் சாறு: எவ்வளவு உதவும், எவ்வளவு போதும்?



கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்து, "இரத்தம் குறைவாக இருக்கிறது" என்று இரும்பு மாத்திரை கொடுத்தனுப்பினால், வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். "ஆரஞ்சுச் சாற்றோடு போடு, நன்றாக ஏறும்" என்பது அவற்றில் ஒன்று. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. இதற்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. ஆனால் அந்தச் சாறு எவ்வளவு உதவுகிறது, எந்த அளவுக்கு மேல் உதவாது என்பதைப் பலரும் கேட்பதில்லை.

இது உங்களுக்கும் நெருக்கமான செய்திதான். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. படிவம் 4, படிவம் 5 மாணவிகளும் இந்த வயதுக்குள் வருகிறார்கள். மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை என்றால், களைப்பும் மூச்சிரைப்பும் படிப்பில் கவனக்குறைவும் தொடரும்.

இரும்பின் இரண்டு வடிவங்கள்

இரும்பு அயனி இரண்டு வடிவங்களில் வரும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்று இரும்பு(II), அதாவது Fe²⁺. மற்றொன்று இரும்பு(III), அதாவது Fe³⁺. கீரை, பருப்பு, தானியம் போன்ற தாவர உணவில் உள்ள இரும்பு பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தில்தான் இருக்கிறது.

இரும்பு உடலுக்குள் நுழையும் முக்கிய வாசல், இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் முதல் பகுதி. அங்குள்ள செல்களின் மேற்பரப்பில், இரும்பை உள்ளே கடத்தும் புரதம் ஒன்று இருக்கிறது. அது Fe²⁺ அயனியை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். Fe³⁺ நேராக உள்ளே போக முடியாது. அதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரைப்பையின் அமிலத்தில் கரைந்திருக்கும் Fe³⁺, அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலுக்கு வந்ததும் கரையாத பொருளாகப் படிந்துவிடும். படிந்துபோன இரும்பு மலத்தோடு வெளியேறிவிடும்.

வைட்டமின் சி இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், அது Fe³⁺ அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து Fe²⁺ ஆக மாற்றுகிறது. இது நீங்கள் படிக்கும் ஒடுக்க வினைதான். அடுத்து, அது இரும்போடு பிணைந்து, சிறுகுடலுக்கு வந்த பிறகும் இரும்பு படிந்துவிடாமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மிகவும் நீர்த்த இரும்பு(III) குளோரைடு கரைசலில் இரண்டு துளி பொட்டாசியம் தயோசயனேட் விட்டால், இரத்தச் சிவப்பு நிறம் தோன்றும். Fe³⁺ இருப்பதற்கு அதுவே அடையாளம். அதில் வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்த நீரைத் துளித்துளியாகச் சேர்த்துக் குலுக்குங்கள். சிவப்பு மங்கி மறையும். Fe³⁺ அயனிகள் Fe²⁺ ஆக மாறிவிட்டன என்று பொருள்.

மாத்திரையில் இருப்பது எந்த இரும்பு?

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் வகை ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி. 'ஃபெரஸ்' என்றாலே இரும்பு(II). 200 மி.கி. என்பது முழுச் சேர்மத்தின் எடை. அதில் இரும்பு எவ்வளவு என்று நாமே கணக்கிடலாம். இதன் வாய்பாடு C₄H₂FeO₄. மோலார் நிறை 48 + 2 + 56 + 64 = 170. அதில் இரும்பின் பங்கு 56. எனவே 200 × 56 ÷ 170 = ஏறக்குறைய 66 மி.கி. இரும்பு.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. மாத்திரையில் உள்ள இரும்பு ஏற்கெனவே Fe²⁺ வடிவத்தில் இருக்கிறது. அதை மாற்றும் வேலை வைட்டமின் சிக்கு மிச்சமில்லை. அந்த இரும்பு வழியில் Fe³⁺ ஆக மாறிவிடாமலும், படிந்துவிடாமலும் காப்பதுதான் மீதி வேலை. ஆகவே கீரைக்கும் பருப்புக்கும் வைட்டமின் சி செய்யும் உதவி பெரியது. மாத்திரைக்குச் செய்யும் உதவி அதைவிடச் சிறியது.

சூரிக் ஆய்வு சொல்வது என்ன?

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 2023ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இரும்புச் சேமிப்பு குறைந்த 34 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் 100 மி.கி. இரும்பை வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு முறையில் உட்கொண்டார்கள். கதிரியக்கம் இல்லாத இரும்பு ஐசோடோப்புகளை அடையாளமாகச் சேர்த்திருந்ததால், எந்த முறையில் எவ்வளவு இரும்பு இரத்தத்தில் சேர்ந்தது என்று தனித்தனியாகக் கண்டறிய முடிந்தது.

முடிவைப் புரிந்துகொள்ள, காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்தால் 10 மி.கி. உடலில் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 10 கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண். விழுக்காடுகள் ஆய்வில் கிடைத்தவை.

80 மி.கி. வைட்டமின் சியோடு எடுத்தபோது உறிஞ்சுதல் 30 விழுக்காடு கூடியது. நம் 10 மி.கி. 13 ஆகிறது. வைட்டமின் சியை 500 மி.கி. ஆக உயர்த்தியபோது, அதற்கு மேல் கூடவில்லை. காப்பியோடு எடுத்தபோது 54 விழுக்காடு குறைந்தது. 10 மி.கி. 4.6 ஆகிவிட்டது. காப்பியும் ஆரஞ்சுச் சாறும் சேர்ந்த காலைப் பசியாறலோடு எடுத்தபோது 66 விழுக்காடு குறைந்தது. மிஞ்சியது 3.4 மி.கி. மட்டுமே. அந்தப் பசியாறலில் ஏறக்குறைய 90 மி.கி. வைட்டமின் சி இருந்தும் அது இழப்பை ஈடுகட்டவில்லை.

எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சாறு கொடுத்தது 3 மி.கி. காப்பி பறித்தது 5.4 மி.கி. காப்பியில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு பிணைந்து அதைக் கட்டிப்போடுகின்றன. தேநீரிலும் இதே வகைப் பொருள்கள் நிறைய உண்டு. தே தாரிக்கில் பால் வேறு சேருகிறது. பாலில் உள்ள கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆகவே புக்கிட் ரம்பாயில் காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுக்கொண்டே மாத்திரையை விழுங்குபவருக்கு, ஆரஞ்சுச் சாறு வாங்குவதைவிடத் தேநீரைத் தள்ளிவைப்பதே அதிகப் பலன் தரும்.

சாறே இல்லாவிட்டால் என்ன ஆகும்? சீனாவின் ஷாங்காயில் இரத்தச்சோகை உள்ள 440 பேரிடம் நடந்த ஆய்வு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பிரிவினர் இரும்பு மாத்திரை மட்டும் எடுத்தார்கள். மற்றவர்கள் அதோடு 200 மி.கி. வைட்டமின் சியும் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முதல் பிரிவினரின் ஹீமோகுளோபின் 1.84 கிராமும், மற்றவர்களுடையது 2.00 கிராமும் கூடியது (ஒவ்வொரு 100 மி.லி. இரத்தத்துக்கும்). இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதே முடிவு. ஆரஞ்சுச் சாறு கிடைக்காத நாளில் தண்ணீரோடு போட்டாலும் மாத்திரை வேலை செய்யும்; சாறு இல்லை என்று மாத்திரையைத் தவறவிட வேண்டாம்.

ஒரு சிறு குவளை போதும்

பிழிந்த ஆரஞ்சுச் சாற்றில் 100 மி.லி.க்குச் சுமார் 50 மி.கி. வைட்டமின் சி இருக்கும். அப்படியானால் 150 மி.லி. சாற்றில் ஏறக்குறைய 75 மி.கி. கிடைக்கும். சூரிக் ஆய்வில் பலன் தந்த 80 மி.கி.க்கு இது நெருங்கிய அளவு. 500 மி.கி. அதைவிட அதிகம் உதவவில்லை என்பதால், பெரிய குவளை நிறையக் குடிப்பதில் இரும்புக்கு லாபமில்லை.

சர்க்கரைக் கணக்கும் இதையே சொல்கிறது. சீனி சேர்க்காத சாற்றிலேயே 150 மி.லி.க்குச் சுமார் 13 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையில்தான் சேர்க்கிறது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராமைத் தாண்டக்கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு சிறு குவளை சாறு குடித்தாலே 25 கிராம் முடிந்துவிடும்.

கடையில் வாங்கும்போது லேபலைப் படியுங்கள். 'ஆரஞ்சு பானம்', கார்டியல் போன்றவற்றில் சீனியும் நிறமும் அதிகம், சாறு கொஞ்சம். கால்சியம் சேர்த்த சாறும் இதற்கு ஏற்றதல்ல. நீரிழிவு உள்ளவர்கள் சாற்றுக்குப் பதிலாகத் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, சில துண்டு கொய்யாப்பழம் சாப்பிடலாம். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புளிப்புச் சாறு தொல்லை தரலாம். அவர்களுக்கும் தண்ணீரே போதும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. வயிற்றைப் புரட்டினால், உணவுக்குப் பின் எடுக்கலாமா என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். தேநீர், காப்பி, பால் ஆகியவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது உறிஞ்சப்படாத இரும்பால்தான், பயப்பட வேண்டாம்.

பலன் தெரிகிறதா?

முறையாக எடுத்தால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் சாற்றை அதிகமாக்குவது பதிலல்ல. காரணத்தைத் தேட வேண்டும். மாத்திரை தவறியிருக்கலாம், தேநீர் குறுக்கே வந்திருக்கலாம், மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போயிருக்கலாம், குடலில் கொக்கிப்புழு இருக்கலாம்.

இன்னொரு காரணம் தலசீமியா மரபணுவைச் சுமப்பது. அவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறியதாகவும் வெளிறியும் இருக்கும். பார்வைக்கு இரும்புக் குறைவு போலவே தோன்றும். ஆனால் உடலில் இரும்பு போதிய அளவு இருக்கலாம். அப்படிப்பட்டவர் தாமாகவே இரும்பும் வைட்டமின் சியும் எடுத்துக்கொண்டே போனால், வெளியேற வழியில்லாமல் இரும்பு உடலில் தேங்கும். நம் நாட்டில் 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. உங்கள் முடிவைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மாத்திரை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரையைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பயிற்சி

1. ஃபெரஸ் சல்ஃபேட்டின் (FeSO₄) மோலார் நிறை 152. நீர் மூலக்கூறு இல்லாத 190 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட்டில் எத்தனை மி.கி. இரும்பு உள்ளது?

2. பருப்புக் குழம்பில் எலுமிச்சை பிழிவது, மாத்திரையோடு ஆரஞ்சுச் சாறு குடிப்பதைவிட ஏன் அதிகம் உதவுகிறது? Fe²⁺, Fe³⁺ ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.

3. ஒருவர் காலை 7 மணிக்குத் தே தாரிக்கோடு பசியாறுகிறார். அவர் மாத்திரை எடுக்க ஏற்ற நேரம் எது? காரணம் கூறுக.