எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? உன் விடைத்தாளிடம் கேள்

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பீர்கள், கூட்டல் சரியா என்று பார்ப்பீர்கள், அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். திருப்புதல் தேர்வுக்குப் படிக்க உட்காரும்போது புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறப்பீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ எல்லோருக்கும் பலமுறை முடிந்திருப்பதும், எட்டாவதாக இருக்கும் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ ஒருமுறைகூட ஒழுங்காக முடியாமல் கிடப்பதும் இதனால்தான். அரையாண்டு லீவு, சுசீந்திரம் தேர், பொங்கல் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வரும் நேரம் இது. கையில் இருக்கிற மணிக்கணக்கை எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு வழி சொல்கிறேன்.

ஒவ்வொரு பாடத்திலும் நீ எத்தனை மதிப்பெண் இழந்தாய் என்று எழுது. அதைத் திரும்பப் பிடிக்க எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுது. முதலாவதை இரண்டாவதால் வகு. எது பெரிய எண்ணோ அதை முதலில் எடு.

என் தம்பியின் கணக்கு விடைத்தாளையே எடுத்துக்கொள்வோம். 100க்கு 54. இழந்தது 46. “எக்கா, முக்கோணவியல்லதான் நெறைய போச்சு, அதையே மொதல்ல படிக்கேன்” என்றான். பலரும் எடுக்கிற முடிவு இதுதான், ஆனால் நேரத்தை அதில் சேர்க்கவில்லை.

46ஐயும் பாடங்களில் போட்டுவிடக் கூடாது. சிவப்பு மை விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஏன் போனது என்று பார்த்தோம். 9 மதிப்பெண் தெரிந்த கணக்கிலேயே குறி மாறியும் அலகு எழுதாமலும் போனது. அந்தப் பாடத்தை மறுபடி படித்தால் அது வராது. எழுதி முடித்த பிறகு சரிபார்க்கிற பழக்கம்தான் அதை மீட்கும். 7 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களில் போனது. அவை எல்லாப் பாடத்திலும் சிதறிக் கிடப்பதால், தினம் பதினைந்து நிமிடம் புக் பேக் வினாக்களுக்கு என்று தனியாக ஒதுக்கினோம். மீதி 30தான் பாடம் தெரியாமல் போனது. வரிசைப்படுத்த வேண்டியது அந்த முப்பதை மட்டுமே.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 வினா கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். தம்பி எட்டுதான் எழுதியிருந்தான். தொடாமல் விட்டது ஆறு வினா என்பதால் 30 மதிப்பெண் போனது என்று எழுதிவிடாதே. போனது இரண்டு இடம், 10 மதிப்பெண்தான். அந்த இரண்டு இடத்தையும் விட்ட ஆறில் எவற்றால் சீக்கிரம் நிரப்பலாமோ அந்தப் பாடங்களின் கணக்கில் எழுது. அவனுக்கு அவை திட்டவிலக்கக் கணக்கு ஒன்று, உயரங்களும் தூரங்களும் ஒன்று. மீதி நாலும் அவனுக்கு ஒரு மதிப்பெண்கூட நஷ்டம் வைக்கவில்லை. 42ஆம் வினா மட்டும் கட்டாயம் என்பதை மறக்காதே. அது எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம்.

இனி மணி நேரம். இதை மனம்போல எழுதினால் முழுத் திட்டமும் கெட்டுவிடும். பிடிக்காத பாடத்துக்கு எல்லோரும் கூடுதலாகத்தான் எழுதுவார்கள். அந்தப் பாடத்தில் ஒரு வகைக் கணக்கை எடு. எடுத்துக்காட்டைப் படி, புத்தகத்தை மூடு, நீயே போடு, அதே வகையில் இன்னொன்று போடு. எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரத்தைப் பார். அந்தப் பாடத்தில் அப்படி எத்தனை வகை என்று எண்ணிப் பெருக்கு. அளவியலில் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம், இணைந்த உருவம், ஒன்றை உருக்கி இன்னொன்றாக்குவது என்று ஆறு வகை வைத்தால், வகைக்கு ஐம்பது நிமிடம் வீதம் ஐந்து மணி வரும்.

இப்படிப் போட்டபோது முக்கோணவியலில் இழந்தது 9, தேவை 12 மணி; மணிக்கு 0.75. அளவியலில் 6, ஐந்து மணி, 1.2. புள்ளியியலும் நிகழ்தகவும் 7, ஐந்து மணி, 1.4. எட்டு மதிப்பெண் வரைபடத்தை அவன் தொடவே இல்லை, நாலு மணி போதும், மணிக்கு 2. அதிகம் இழந்த பாடம் கடைசிக்குப் போய்விட்டது.

ஆனாலும் முக்கோணவியலை அப்படியே ஒதுக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அது இரண்டு பாடம் போல. முற்றொருமைகளை நிரூபிப்பது ஒன்று. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் வைத்து உயரம் காண்பது இன்னொன்று. பிரித்துப் பார்த்தோம். முற்றொருமைகளில் இழந்தது 4, எட்டு மணி, 0.5. உயரங்களும் தூரங்களும் 5, நாலு மணி, 1.25. கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து இரண்டு கப்பல்களைப் பார்க்கும் கணக்கெல்லாம் முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டவே வேண்டாம். ஆக அது அளவியலுக்கு முன்னால் ஏறிவிட்டது. எந்தப் பாடமாவது பத்து மணிக்கு மேல் கேட்டால் இப்படி உடைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதே.

அவனிடம் இருந்தது 18 மணி. வரைபடம் 4, புள்ளியியல் 5, உயரங்களும் தூரங்களும் 4, அளவியல் 5 என்று சரியாக முடிந்தது. இவை நாலிலும் இழந்தது 26. 26ம் முழுசாகத் திரும்பி வராது. பாதி வந்தாலும் 13. முக்கோணவியலில் தொடங்கியிருந்தால் முதல் 12 மணிக்கு மொத்தமே 9தான் கிடைக்கக்கூடியது.

வரைபடம் ஏன் இவ்வளவு மலிவு என்றால், அதில் தவறைத் தாளே காட்டிக்கொடுக்கும். y = x² + x − 2 என்று வைத்துக்கொள். x = −4 முதல் 3 வரை மதிப்பு போட்டால் y 10, 4, 0, −2, −2, 0, 4, 10 என்று வரும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். −3ஐ வர்க்கப்படுத்தும்போது −9 என்று எழுதிவிட்டால் 4 வரவேண்டிய இடத்தில் −14 வந்து நிற்கும். புள்ளி வளைவை விட்டு எங்கோ கீழே கிடக்கும், உடனே பிடித்துவிடலாம். இந்தப் பார்வையும், அளவுத்திட்டத்தை மறக்காமல் எழுதுவதும் கைவந்தால் அந்தப் பகுதி கிட்டத்தட்ட உன்னுடையது.

இந்த வரிசை ஏமாற்றுகிற இடமும் உண்டு. சில திறன்கள் தனிப் பாடமாகத் தெரியாது, ஆனால் மற்றவற்றைத் தாங்கி நிற்கும். தசம எண்ணுக்கு வர்க்கமூலம் காணத் தடுமாறினால் திட்டவிலக்கம் ஐந்து மணியில் முடியாது, பத்து மணி ஆகும். ஒதுக்கிய நேரத்தில் பாதி போனபிறகும் வகைகளில் பாதி முடியவில்லை என்றால் அப்படி ஏதோ அடியில் ஆட்டம் காண்கிறது என்று அர்த்தம். அதை முதலில் சரிசெய், பிறகு மணியை மாற்றி எழுதி மறுபடி வகு.

ஒரு பாடத்துக்கான நேரம் முடிந்ததும் நீ பார்த்திராத பழைய வினாத்தாளிலிருந்து ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை எடுத்துப் போடு. நாலு மதிப்பெண்ணுக்குக் குறையாமல் தேறினால் அந்தப் பாடத்தை விட்டு அடுத்ததற்குப் போ, இன்னும் மெருகேற்ற ஆசை வந்தாலும் சரி. அந்தக் கடைசி ஒரு மதிப்பெண்ணுக்கு ஆகும் நேரத்தில் வேறு பாடத்தில் மூன்று கிடைக்கும். முதல் திருப்புதல் தேர்வுத் தாள் வந்ததும் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடு. தம்பி இப்போது அந்த இரண்டாவது பட்டியலில் இருக்கிறான். வரைபடம் அதில் இல்லை, முற்றொருமைகள் மூன்றாவது இடத்துக்கு வந்திருக்கிறது.